வாரக் காய்கறிப் பெட்டியும் அதன் அறிவிப்பு வாசகமும்

(ஓசூர் வட்டாரக் காய்கறி உழவர்களுக்கான பயிற்சி வகுப்பொன்றில் நிகழ்த்திய உரை)



பெங்களூரு நகரத்துக் குடும்பங்களுக்கு வாரந்தோறும் காய்கறிப் பெட்டி அனுப்புவது பற்றி உங்களில் பலர் ஆலோசித்து வருகிறீர்கள். எதைப் பயிரிடுவது, எப்படிப் பயிரிடுவது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிகச் சிறியது. பெட்டியின் புகைப்படத்தை எடுத்துக் கைப்பேசி வழியே குடியிருப்புகளுக்கு அனுப்புகிறோம் அல்லவா? அந்தப் படத்தின் கீழே எழுதும் பத்துப் பன்னிரண்டு வரிகளைப் பற்றியதுதான் இவ்வுரை.

இதற்கு ஓர் உரை தேவையா என்று நீங்கள் கேட்கலாம். விளம்பரம் என்று எண்ணினால் தேவையில்லைதான். ஆனால் அந்த வரிகளைப் படித்துவிட்டு ஒரு குடும்பம் நான்கு வாரத்துக்கான பணத்தை முன்கூட்டியே தருகிறது. ஆகவே, அது உழவருக்கும் உண்பவருக்கும் இடையே எழுதப்படும் ஒப்பந்தமாகி விடுகிறது. வேறு பத்திரம் எதுவும் இல்லை. எந்த நாளில் வரும், என்ன வரும், வராவிட்டால் என்ன செய்வது, எப்படிச் சேர்வது, எப்படி விலகுவது என்ற எல்லாமே அந்த வரிகளில்தான் அடங்கியிருக்கின்றன. அவற்றில் ஒரு வரியையேனும் வயலைப் பார்க்காமல் எழுதினால், அதன் விளைவை இரண்டு மாதத்துக்குள் காணலாம்.

முதலில் எழுதிய வாசகம்

எனக்குத் தெரிந்த ஓர் உழவர் தொட்டபள்ளாபுரம் வட்டத்தில் இருக்கிறார். ஒன்றரை ஏக்கரில் காய்கறி பயிரிடுகிறார். அங்கிருந்து பெங்களூருவின் வடக்கு எல்லையான எலகங்காவுக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். அவர் கன்னடத்தில் எழுதியனுப்பிய முதல் வாசகத்தைத் தமிழில் சொல்கிறேன்:

"நூறு சதவீதம் ரசாயனமற்ற ஆர்கானிக் காய்கறிகள்! தோட்டத்திலிருந்து நேராக உங்கள் வீட்டு வாசலுக்கு! வாரந்தோறும் புத்தம் புதிதாக! மாதச் சந்தாவுக்கு உடனே அழையுங்கள்!"

படிக்க நன்றாகத்தான் இருந்தது. 48 குடும்பங்கள் சேர்ந்தன. மூன்றாம் மாதத் தொடக்கத்தில் 19 குடும்பங்களே எஞ்சியிருந்தன. விலகியவர்களிடம் அவர் காரணம் கேட்டார். காய்கறி கெட்டுவிட்டது என்று சொன்னவர்கள் மிகச் சிலரே. "கேரட் வருமென்று படத்தில் பார்த்தோம், வரவேயில்லை" என்றார் ஒருவர். "நாங்கள் ஊரில் இல்லாத வாரத்துக்கும் பணம் எடுத்துக்கொண்டீர்கள்" என்றார் இன்னொருவர். "இந்த மாதத்தில் ஐந்து சனிக்கிழமை இருந்தன, நான்கு பெட்டிதான் வந்தது" என்றார் வேறொருவர். இவையெல்லாம் வயலில் நேர்ந்த குறைகள் அல்ல. வாசகத்தில் விடுபட்ட வரிகள்.

அந்த வாசகத்தை அவர் எப்படித் திருத்தி எழுதினார் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

கொடுக்கும் நாளை வயல்தான் சொல்ல வேண்டும்

தொடக்கத்தில் அவர் கொடுக்கும் நாளைச் சனிக்கிழமை என்று வைத்திருந்தார். நகரத்தார் அன்றைக்கு வீட்டில் இருப்பார்கள் என்பதே காரணம். வாங்குவோரின் வசதியைப் பார்த்து வைத்த நாள் அது. ஆனால் செடிக்கு ஒரு நாள் கணக்கு இருக்கிறது. வெண்டையை இரண்டு நாளுக்கொருமுறை பறித்தாக வேண்டும்; தவறினால் மூன்று நான்கு நாளில் காய் முற்றி நார் பாய்ந்துவிடும். பீர்க்கும் வெள்ளரியும் அதே வகைதான். கத்தரி நான்கைந்து நாள் பொறுத்துக்கொள்ளும். முள்ளங்கி மண்ணுக்குள் சில நாள் காத்திருக்கும்.

இதை அவர் வெண்டையை வைத்தே கணக்கிட்டுப் பார்த்தார். ஞாயிறு, செவ்வாய், வெள்ளி என வாரத்துக்கு மூன்று பறிப்பு. சனிக்கிழமைப் பெட்டிக்குப் போவது வெள்ளி மாலை பறித்த காய் மட்டுமே. மற்ற இரண்டு பறிப்பும் மண்டிக்குச் சென்று, சாதாரண வெண்டையோடு சாதாரண வெண்டையாக விலை போயின. அங்ககமுறையில் வளர்ப்பதற்கான உழைப்பில் மூன்றில் இரண்டு பங்கு அங்கே கரைந்துவிட்டது. அதே வேளையில், வெள்ளிக்கிழமைப் பறிப்பு மட்டும் 48 வீட்டுக்குப் போதவில்லை. ஆகவே, வீட்டுக்கு அரைக் கிலோ தர வேண்டிய இடத்தில் கால் கிலோவுக்கும் குறைவாகத் தர நேர்ந்தது. தோட்டத்தில் வெண்டை மிகுந்திருக்க, பெட்டியில் வெண்டை குறைந்திருந்தது!

தீர்வு எளியதாக இருந்தது. கொடுக்கும் நாளை இரண்டாக்கினார். பாதிக் குடும்பங்களுக்குப் புதன். பாதிக் குடும்பங்களுக்குச் சனி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாரத்துக்கு ஒரு பெட்டிதான். ஆனால் செவ்வாய் மாலைப் பறிப்பு புதன் பெட்டிக்கும், வெள்ளி மாலைப் பறிப்பு சனிப் பெட்டிக்கும் பயன்பட்டன. ஞாயிற்றுக்கிழமைப் பறிப்பு ஒன்று மட்டும் மண்டிக்குப் போகிறது. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இடையே மூன்று நாள் விழுவதால் சில காய்கள் முற்றத்தான் செய்கின்றன. அவற்றைப் பொறுக்கி ஒதுக்கிவிடுகிறார், பெட்டியில் வைப்பதில்லை.

இரண்டு நாளுக்கும் நேரம் காலைதான். முதல் நாள் வெயில் தாழ்ந்த பின் பறித்து நிழலில் பரப்புகிறார்கள். கீரையை வேரோடு பிடுங்கி, வேர் மட்டும் தண்ணீரில் படும்படி நிறுத்துகிறார்கள். இலை நனைந்தால் பெட்டிக்குள் அழுகத் தொடங்கும். விடியற்காலை 4 மணிக்குப் பெட்டி நிரப்பி, 5.30-க்கு வண்டி புறப்படுகிறது. புதன் பெட்டி அலுவலகம் செல்வோர் கிளம்புமுன் கைக்குப் போய்ச் சேரும். மாலையில் கொடுப்பதாக இருந்தால், பறித்த கீரை ஒரு பகல் முழுவதும் வெயிலில் காத்திருக்க நேரும். அப்போது "புத்தம் புதிது" என்ற சொல் பொய்யாகிவிடும்.

எத்தனை குடும்பங்கள்?

அடுத்தது எண்ணிக்கை. அழைத்தவர் அனைவரையும் சேர்த்துக்கொண்டதுதான் அவர் செய்த இரண்டாவது பிழை. எண்ணிக்கையை எங்கிருந்து பெறுவது? நல்ல வாரத்தின் விளைச்சலிலிருந்து அல்ல; மோசமான வாரத்தின் விளைச்சலிலிருந்து பெற வேண்டும்.

அவரிடம் ஒரு பறிப்புக் குறிப்பேடு இருந்தது. வெண்டைப் பாத்தியிலிருந்து வந்த பறிப்பு ஒரு நாள் 16 கிலோ, ஒரு நாள் 14 கிலோ, ஒரு நாள் 11 கிலோ என்று எழுதியிருந்தார். பறிப்புக் காலத்தின் நடுப்பகுதியில் 11-க்குக் கீழே போனதில்லை. வீட்டுக்கு அரைக் கிலோ என்றால் 11 கிலோவில் 22 வீட்டுக்குக் கொடுக்கலாம். முற்றல், பூச்சி எனச் சிறிது கழித்தால் 20 வீடுகள். ஆகவே, நாளுக்கு 20, மொத்தம் 40 குடும்பங்கள் என்று முடிவு செய்தார். பிறகு கத்தரி, பீன்ஸ் முதலிய ஒவ்வொன்றையும் இதே முறையில் சரிபார்த்தார். எஞ்சிய நல்ல வாரத்து மிகுதி மண்டிக்குப் போகட்டும். அதனால் யாருக்கும் வருத்தமில்லை. பற்றாக்குறைதான் சந்தாவைக் கெடுக்கும்.

இந்த எண்ணிக்கையை வாசகத்திலும் எழுதிவிட வேண்டும். "மொத்தம் 40 குடும்பங்கள், இடம் நிறைந்தால் பெயர் காத்திருப்புப் பட்டியலில் சேர்க்கப்படும்" என்று எழுதுவது விற்பனைத் தந்திரம் அன்று. ஏன் எல்லோரையும் சேர்க்கவில்லை என்பதற்கு முன்கூட்டியே சொல்லும் விடை அது.

பெட்டியில் என்ன இருக்கும்?

அடுத்து, பெட்டிக்குள் இருப்பதைப் பற்றிய வரிகள். கடைக்குச் செல்பவர் தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கிறார். பெட்டியில் தேர்ந்தெடுப்பது உழவர். இந்த ஒரு வேறுபாட்டை வாசகம் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், வாங்குபவர் கடையின் கண்ணோடுதான் பெட்டியைத் திறப்பார். அதற்குப் புகைப்படமே முதல் காரணமாகிறது. நம் நண்பர் அனுப்பிய படத்தில் கேரட்டும் குடைமிளகாயும் முன்னால் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. அவை அந்த ஒரு வாரம் இருந்தவை. விதைத்து மூன்று மாதம் கழித்து எடுக்கும் கேரட்டை எல்லா வாரமும் தர அந்த ஒன்றரை ஏக்கரால் இயலாது. ஆகவே, படத்தின் தேதியை வாசகத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

காய்களின் பெயரைப் பட்டியலிட்டு வாக்களிப்பதற்குப் பதிலாக, வகைகளை வாக்களிக்கலாம். அவர் அமைத்த முறை இது: கீரை இரண்டு கட்டு, கொடிக்காய் ஒன்று, தக்காளி ஒரு கிலோ, கத்தரி, வெண்டை, பீன்ஸ் போன்ற செடிக்காய்களில் மூன்று, கிழங்கு அல்லது வேர்க்காய் ஒன்று, பச்சைமிளகாயும் கொத்தமல்லியும் சிறிதளவு. தக்காளி தவிர மற்ற காய்கள் அரை அரைக் கிலோ. எல்லாம் சேர்ந்து நான்கு கிலோவுக்குச் சற்று மேல் வரும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு, வெங்காயமும் உருளைக்கிழங்கும் வெளியே வாங்கிக்கொண்டால், வாரத்தின் பெரும்பகுதிக்குப் போதும். வெங்காயமும் உருளையும் பெட்டியில் இல்லை என்பதையும் எழுத வேண்டும். இல்லாததைச் சொல்வது இருப்பதைச் சொல்வதைப் போலவே பயன்படும்.

வகையை வாக்களிப்பதில் உழவருக்கு ஒரு விடுதலை கிடைக்கிறது. தண்டுக்கீரை தீர்ந்தால் பாலக், பாலக் தீர்ந்தால் வெந்தயக்கீரை என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த விடுதலைக்கும் விதைப்பில் ஓர் ஒழுங்கு வேண்டும். தண்டுக்கீரையும் வெந்தயக்கீரையும் விதைத்து ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வரும். முள்ளங்கிக்கு ஏறத்தாழ 45 நாள். இவற்றை ஒரே நாளில் விதைத்தால் ஒரு வாரம் நிறைந்து, அடுத்த மூன்று வாரம் வெறுமையாகும். வாரம் ஒரு பாத்தி என்று விதைப்பவரே வாரம் ஒரு பெட்டியை வாக்களிக்கலாம்.

'ஆர்கானிக்' என்ற சொல்

இனி, எல்லாவற்றிலும் கடினமான சொல்லுக்கு வருகிறேன். 'நூறு சதவீதம் ரசாயனமற்றது' என்று அவர் எழுதியிருந்தார். பக்கத்து வயலில் மருந்தடிக்கும்போது காற்று எந்தப் பக்கம் வீசியது என்று அவருக்குத் தெரியுமா? நூறு சதவீதம் என்பதை மெய்ப்பிக்க எந்த உழவராலும் இயலாது. தாம் என்ன செய்தோம், என்ன செய்யவில்லை, எப்போதிலிருந்து என்று சொல்ல மட்டுமே இயலும். அதைச் சொன்னால் போதும்.

சட்டத்தின் நிலையும் தெரிந்திருக்க வேண்டும. அங்கக உணவுப் பொருள்களுக்கான ஒழுங்குமுறைகளை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவற்றின்படி, அங்ககப் பொருள் என்று விற்பதற்குத் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் சான்றோ, பி.ஜி.எஸ். இந்தியா எனப்படும் பங்கேற்பு உத்தரவாத முறையின் சான்றோ வேண்டும். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு உற்பத்தியாளர், உண்பவருக்கே நேரடியாக விற்கும்போது, இச்சான்றிலிருந்து விலக்கு உண்டு. நம் நண்பரின் பெட்டி 400 ரூபாய். 40 பெட்டிக்கு வாரம் 16,000. 52 வாரத்துக்கு 8,32,000 ரூபாய். மண்டி விற்பனையையும் சேர்த்தே எல்லைக்குள் அடங்கிவிட்டது. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். சான்று பெறாதவர் 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் படத்திலோ பெட்டியிலோ வைக்கக்கூடாது. பெட்டியை நேரடியாகக் கொடுக்காமல் ஒரு கடைக்காரர் வழியே கொடுத்தால் நேரடி விற்பனை என்ற விலக்கு பொருந்தாது.

சான்று வேண்டுமென்று நினைப்பவர்களுக்குப் பி.ஜி.எஸ். முறை எட்டக்கூடியது. அருகருகே உள்ள உழவர்கள் குறைந்தது ஐவர் ஒரு குழுவாகி, ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதிசெய்வது அதன் அடிப்படை. ரசாயன முறையிலிருந்து மாறிவரும் காலத்தில் 'பி.ஜி.எஸ். கிரீன்' என்றும், மாற்றக் காலம் முடிந்த பின் 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்' என்றும் வழங்குவார்கள். முதல் சொல்லைப் பெற்றவர் இரண்டாம் சொல்லை வாசகத்தில் எழுதலாகாது.

இந்த இடத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஒரு பருவத்தில் அவருடைய வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் பரவியது. வெள்ளை ஈ பரப்பும் நோய் அது. இலை நரம்புகள் மஞ்சளாகி, காயும் வெளிறிச் சிறுத்துவிடும். வந்த செடியைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. பறிப்பு 11 கிலோவிலிருந்து 4 கிலோவாகச் சரிந்தது. "பெட்டி குறைந்தால் கோபிப்பார்களே" என்று அஞ்சி, இரண்டு வாரம் மண்டியில் வெண்டை வாங்கிப் பெட்டியில் வைத்தார். அந்த வாரங்களில் ஒரு குடும்பம் குழந்தைகளுக்குத் தோட்டம் காட்ட வந்தது. மஞ்சளாய் நின்ற வெண்டைப் பாத்தியைப் பார்த்தது. வீட்டில் பச்சைப்பசேலென்று இருந்த வெண்டையை நினைத்தது. யாரும் சண்டையிடவில்லை. அந்தக் குடியிருப்பில் மட்டும் அடுத்த சுற்றில் ஒருவர்கூடப் பணம் கட்டவில்லை.

அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "ஐயா, வெண்டை இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் வெண்டை மட்டும்தான் போயிருக்கும்." அதன்பிறகே வாசகத்தில் அந்த வரி ஏறியது: ஒரு காய் பொய்த்தால் எங்கள் தோட்டத்தின் மற்றொரு காயைக் கூட்டி வைப்போம், அதுவும் இல்லையெனில் எடைக் குறைவுக்கு உரிய தொகையை அடுத்த சுற்றில் கழிப்போம், வெளியில் வாங்கி நிரப்ப மாட்டோம். இந்த வரியைக் கடைப்பிடிக்க இயலாதவர் 'ஆர்கானிக்' என்ற சொல்லை எழுதாமலிருப்பதே மேல்.

சேரும் படிகள்

"உடனே அழையுங்கள்" என்பது படியன்று. அழைப்பு வரும்போது உழவர் வரப்பில் நிற்பார். கையில் மண்வெட்டி இருக்கும். பெயரைக் கேட்டு மறப்பார். கதவு எண்ணை மாற்றி எழுதுவார். எழுத்தில் வரும் செய்தியே நல்லது. அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் நாமே சொல்லிவிட வேண்டும்: பெயர், குடியிருப்பின் பெயர், கதவு எண், வேண்டிய நாள்.

அடுத்த படி மிக முக்கியமானது. பணத்தை முதலில் வாங்கக்கூடாது. இடம் உண்டு என்று உழவர் பதில் அனுப்பிய பிறகே பணம் வர வேண்டும். முதலில் பணம் வந்து, இடம் இல்லாமல் திருப்பித் தருவதைப் போன்ற வீண் வேலை வேறில்லை. பதிலில் முதல் பெட்டி வரும் தேதியையும் குறிப்பிட்டால், சந்தா என்று தொடங்குகிறது என்ற ஐயம் இராது.

பணத்தை மாதத்துக்கு என்று கேட்காமல் நான்கு பெட்டிக்கு என்று கேட்க வேண்டும். மாதத்தில் சில வேளை ஐந்து சனிக்கிழமைகள் வரும். நான்கு பெட்டிக்கு 1,600 ரூபாய் என்றால் எந்தக் குழப்பமும் இல்லை. நான்கு பெட்டி தீர்ந்ததும் அடுத்த நான்கு. ஊருக்குப் போகிறவர்களுக்கும் இதுவே எளிது. ஒரு வாரம் நிறுத்தினால் அந்தப் பெட்டி கழியாமல் பின்னால் தள்ளிப்போகும்.

நிறுத்துவதற்கு ஒரு கெடு வேண்டும். கெடுவும் வயலிலிருந்தே பிறக்கிறது. வெள்ளி மாலை பறிப்பதற்கு, எத்தனை பெட்டி என்ற கணக்கு வியாழன் இரவே தெரிய வேண்டும். ஆகவே, சனிப் பெட்டியை நிறுத்த விரும்புவோர் வியாழன் மாலை 6 மணிக்குள்ளும், புதன் பெட்டியை நிறுத்த விரும்புவோர் திங்கள் மாலை 6 மணிக்குள்ளும் சொல்ல வேண்டும். காரணத்தையும் ஒரு சொல்லில் சேர்த்துவிட்டால் யாரும் கடுமையென்று கருதுவதில்லை. கெடு தவறிய பின் வரும் வேண்டுகோளுக்கு, பறித்த காயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லலாம். ஆனால் பெட்டி கணக்கில் சேர்ந்துவிடும்.

பெட்டியையும் மறக்கலாகாது. 40 குடும்பங்களுக்கு 40 பிளாஸ்டிக் பெட்டி போதாது. ஒன்று வீட்டில் இருக்கும்போது இன்னொன்று தோட்டத்தில் நிரம்ப வேண்டும். ஆகவே 80 வேண்டும். பழைய பெட்டியைத் திருப்பித் தந்து புதிய பெட்டியைப் பெறுவது என்ற வரியை எழுதாததால், முதல் இரண்டு மாதத்தில் அவர் கணிசமான பெட்டிகளை இழந்தார். சில வீடுகளில் அவை விளையாட்டுப் பொருள் வைக்கும் கூடைகளாகிவிட்டன!

திருத்திய வாசகம்

இப்போது அவர் பயன்படுத்தும் வாசகத்தைப் படிக்கிறேன். படம், சென்ற வாரத்துப் பெட்டியின் படம். அதன் கீழே:

"இது சென்ற சனிக்கிழமை கொடுத்த பெட்டி. உங்கள் பெட்டியில் அந்த வாரம் எங்கள் தோட்டத்தில் விளைந்தவை இருக்கும்; காய்களை நாங்களே தேர்ந்து வைப்போம்.

ஒரு பெட்டி: கீரை இரண்டு கட்டு, தக்காளி ஒரு கிலோ, செடிக்காய் மூன்று வகை, கொடிக்காய் ஒன்று, வேர்க்காய் ஒன்று, மிளகாய், கொத்தமல்லி. ஏறத்தாழ 4 கிலோ. வெங்காயம், உருளைக்கிழங்கு இல்லை. விலை 400 ரூபாய்.

இந்நிலத்தில் 2021 ஜூன் முதல் ரசாயன உரமோ பூச்சிமருந்தோ இடவில்லை. தொழுவுரமும் வேப்பங்கொட்டைக் கரைசலும் பயன்படுத்துகிறோம். சான்று பெறவில்லை; ஞாயிறு காலை வந்து பார்க்கலாம். சில கத்தரியில் துளை இருக்கும். வெளியில் வாங்கிப் பெட்டியை நிரப்புவதில்லை. குறைந்தால் தொகையைக் கழிப்போம்.

கொடுக்கும் நாள்: புதன் அல்லது சனி, காலை 6.30 முதல் 8 மணிக்குள். நாளுக்கு 20 குடும்பங்கள்.

சேரும் முறை:
1. பெயர், குடியிருப்பு, கதவு எண், வேண்டிய நாள் ஆகியவற்றைக் கீழுள்ள எண்ணுக்குச் செய்தியாக அனுப்புங்கள்.
2. இடம் உண்டா என்பதையும், முதல் பெட்டி வரும் தேதியையும் அன்றிரவுக்குள் தெரிவிப்போம்.
3. அதன்பின் நான்கு பெட்டிக்கு 1,600 ரூபாய் யு.பி.ஐ. வழியே செலுத்துங்கள்.
4. ஒரு வாரம் வேண்டாமெனில், பறிப்பதற்கு முன்னதாக, திங்கள் அல்லது வியாழன் மாலை 6 மணிக்குள் சொல்லுங்கள். அந்தப் பெட்டி அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கப்படும்.
5. காலிப் பெட்டியைத் தந்து புதிய பெட்டியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

விலக விரும்பினால் நான்காம் பெட்டிக்குப் பின் சொன்னால் போதும்."

இதில் ஓர் உயர்வுச் சொல்கூட இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். "சில கத்தரியில் துளை இருக்கும்" என்று எழுதியதைப் பார்த்து அவருடைய மகன் சிரித்தான். காய்த்துளைப்பானைக் கரைசலால் குறைக்கலாம், ஒழிக்க இயலாது என்பது உழவருக்குத் தெரியும், நகரத்தாருக்குத் தெரியாது. எழுதிய பின் அந்தக் குறை சொல்லி வந்த அழைப்புகள் நின்றுவிட்டன.

இந்த வாசகத்துக்கு முதலில் 26 குடும்பங்களே சேர்ந்தன. பழைய வாசகத்துக்கு 48. ஆயினும் ஆறு மாதம் கழித்து 26-இல் 23 குடும்பங்கள் நீடித்தன. அவர்கள் சொல்லிப் புதியவர்கள் சேர, 40 இடமும் நிறைந்தது. இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். கோடை விடுமுறையில், ஏப்ரல் மே மாதங்களில், இன்றும் அவருக்குப் பாதிப் பெட்டிகள் நிறுத்தப்படுகின்றன. அதை எந்த வாசகத்தாலும் தடுக்க இயலவில்லை. அக்காலத்துக்கு விதைப்பைக் குறைத்து, சில பாத்திகளில் பசுந்தாள் உரப்பயிரை விதைத்துவிடுகிறார்.

நீங்கள் எழுதப்போகும் வாசகத்துக்கு இவரது எண்களை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நிலம் வேறு, தண்ணீர் வேறு, நகரத்துக்குள்ள தொலைவு வேறு. இன்று வீடு திரும்பியதும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எந்தக் காய் எந்த நாள் எத்தனை கிலோ பறித்தோம் என்று எட்டு வாரம் எழுதி வாருங்கள். எட்டாவது வாரம் அதில் மிகக் குறைந்த எண்ணைச் சுழித்து வையுங்கள். உங்கள் வாசகத்தின் முதல் வரியை அந்த எண்ணிலிருந்து தொடங்கலாம்.